இரண்டரை மணி நேரம் முந்தி ஓடும் கேமரா

களக்காட்டுப் பக்கம் ஒரு எடைமேடை. ஏத்தன் வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று அங்கே எடை போட்டுவிட்டுப் போனது. 2025 பிப்ரவரி 11, தைப்பூசத்தன்று இரவு. எடைச் சீட்டில் நேரம் 7.44 என்று அச்சாகி இருந்தது. பத்து நாளுக்குள் சரக்கு எடையில் குறைகிறது என்று தகராறு வந்தது. மண்டிக்காரர் நேரே எடைமேடைக்கு வந்து, "கேமராவைப் போடுங்க, பார்ப்போம்" என்று உட்கார்ந்துவிட்டார். 7.44-க்குப் போட்டுப் பார்த்தால் மேடை காலி. ஒரு நாய் குறுக்கே போகிறது, அவ்வளவுதான். ஓட்டிக்கொண்டே போனால் அந்த லாரி இரவு 10.14-க்கு மேடையில் ஏறுகிறது.

"அண்ணாச்சி, சீட்டுல ஏழே முக்கால், கேமரால பத்தே கால். பத்தே காலுக்கு என் வண்டி டோல்கேட்டைத் தாண்டி ரெண்டு மணி நேரம் ஆச்சு. அப்போ மேடையில ஏறுனது யாரு வண்டி?"

கேள்வி நியாயமானதுதான். வண்டியின் ஃபாஸ்டேக் பதிவில் டோல்கேட் நேரம் 8.06 என்று இருந்தது. அதையும் கேமராவையும் சேர்த்துப் பார்த்தால் சீட்டு பொய் என்றுதான் யாருக்கும் தோன்றும். எடைமேடைக்காரர் என்னைக் கூப்பிட்டார். கேமரா மாட்டுவதும் பதிவை எடுத்துக் கொடுப்பதும் என் தொழில். அந்தக் கேமராவை மாட்டியது நான் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உள்ளே போய், கேமராவின் பதிவுப் பெட்டியான டிவிஆரின் திரையைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது. முந்தைய நாள் மாலைப் பதிவை ஓட்டச் சொன்னேன். கேமரா வண்ணப் படத்திலிருந்து கறுப்பு வெள்ளைக்கு மாறும் இடத்தைப் பாருங்கள் என்றேன். வெளிச்சம் குறைந்ததும் கேமரா தானாக இரவு நிலைக்குப் போய்விடும். திரையில் அப்போது மணி ஒன்பதைத் தாண்டி இருந்தது. திருநெல்வேலிச் சீமையில் எந்த மாதத்திலும் ஏழு மணிக்குள் பொழுது அடைந்துவிடும். பிப்ரவரியில் ஆறரை வாக்கில் சூரியன் இறங்கிவிடுகிறது. ஒன்பது மணி வரை வெயிலோடு இருக்கும் ஊர் நமக்கு இல்லை. ஆக, சீட்டைச் சந்தேகப்படும் முன்னால் கேமராவின் கடிகாரத்தைச் சந்தேகப்பட வேண்டும்.

சந்தேகம் வந்தால் மட்டும் போதாது. "கடிகாரம் தப்பு" என்று சொல்லி வேண்டிய அளவுக்கு நேரத்தைக் கழித்துக்கொள்ள முடியும் என்றால், எந்தப் பதிவையும் எந்தச் சீட்டோடும் பொருத்திவிடலாமே! எவ்வளவு தப்பு, ஏன் தப்பு, சம்பவம் நடந்த அன்றும் அதே அளவு தப்பாகத்தான் இருந்ததா என்ற மூன்றையும் காட்ட வேண்டும்.

முதலில் ஏன் என்பது. டிவிஆரில் நேரம் தொடர்பாக இரண்டு அமைப்புகள் உண்டு. ஒன்று மணி, இன்னொன்று நேர மண்டலம். நம்மூரில் விற்கும் டிவிஆர்களில் பெரும்பாலானவை சீனத்தில் தயாரானவை, அல்லது சீனப் பலகையை உள்ளே வைத்தவை. பெட்டியைப் பிரிக்கும்போது பலவற்றில் மண்டலம் `GMT+08:00` என்றுதான் இருக்கும். மாட்ட வருகிறவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து மணியைத் திருத்துவார், மண்டலத்தைத் தொட மாட்டார். இணையம் இல்லாத வரை அதனால் ஒன்றும் ஆகாது. திரையில் சரியான நேரம் ஓடும், எல்லோரும் திருப்தி.

பிறகு ஒரு நாள் ரவுட்டர் வயரைச் செருகுவார்கள். ஃபோனில் கேமரா பார்க்க வேண்டுமே! அந்த நிமிடம் டிவிஆர் இணையத்தில் உள்ள நேரச் சேவையகத்தைக் கேட்கும். சேவையகம் கிரீன்விச் கணக்கிலான நேரத்தை மட்டும் சொல்லும், அதோடு எத்தனை மணி கூட்டுவது என்பது டிவிஆரின் வேலை. நமக்கு ஐந்தரை கூட்ட வேண்டும். டிவிஆர் எட்டு கூட்டுகிறது. அந்த நொடியில் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் தாவிவிடும். கேமரா மாட்டிய அன்று சரியாக இருந்தது என்று கடைக்காரர் சத்தியம் பண்ணுவார், அதுவும் உண்மைதான். ஒரே டிவிஆரில், ஒரே வட்டில், ஒரு தேதிக்கு முந்திய பதிவு சரியாகவும் பிந்திய பதிவு இரண்டரை மணி முந்தியும் இருப்பது இப்படித்தான்.

இந்தியாவில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. நம் நேரம் கிழக்கு 82.5 பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு வைத்தது, அதனால் கிரீன்விச்சிலிருந்து அரை மணியில் முடிகிறது. உலகின் பெரும்பாலான மண்டலங்கள் முழு மணியில் முடிபவை. கருவி வேறு நாட்டு மண்டலத்தில் இருந்தால் நமக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் "அரை"யில் நிற்கும். சீனம், சிங்கப்பூர், மலேசியா என்றால் இரண்டரை மணி முந்தும். துபாய் என்றால் ஒன்றரை மணி பிந்தும். கிரீன்விச் நேரத்திலேயே விட்டிருந்தால் ஐந்தரை மணி பிந்தும். மாறாக, வித்தியாசம் சரியாக ஒரு மணி என்றால் கோடைக்கால நேரம் என்ற அமைப்பை யாரோ இயக்கி இருப்பார்கள். பன்னிரண்டு மணி என்றால் காலை மாலையை மாற்றி வைத்திருப்பார்கள். இரண்டுமே இல்லாமல் ஏழு நிமிடம், இருபத்து மூன்று நிமிடம் என்று நின்றால் அது கையால் வைத்த பிழையாகவோ கடிகாரம் மெல்ல விலகியதாகவோ இருக்கும். மண்டலத்தின் மேல் பழி போட முடியாது.

இதில் நெல்லைக்காரர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. இங்கே வீட்டுக்கு வீடு வளைகுடாவில் ஆள் இருக்கிறார்கள், சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அங்கே வாங்கிய கேமரா, டேஷ்கேம் எல்லாம் இங்கே புழங்குகின்றன. சவூதி நேரம் கிரீன்விச்சை விட மூன்று மணி முந்தியது, அதாவது நம்மை விட இரண்டரை மணி பிந்தியது. சிங்கப்பூர் நம்மை விட இரண்டரை மணி முந்தியது. அளவு ஒன்றுதான், திசை எதிர். "இரண்டரை மணி வித்தியாசம்" என்று மட்டும் எழுதி வைத்துக்கொண்டு கூட்ட வேண்டிய இடத்தில் கழித்தால், ஐந்து மணி நேரம் தப்பிப் போய் நிற்போம். அதனால் நேரே கூட்டிக் கழிப்பதை நான் விட்டுவிட்டேன். திரையில் உள்ள நேரத்தை முதலில் கிரீன்விச்சுக்குக் கொண்டுபோவேன், அங்கிருந்து ஐந்தரை கூட்டி நெல்லைக்கு வருவேன். ஒரு படி கூடுதல்தான், ஆனால் திசை தப்பாது.

சரி, களக்காட்டுக்கு வருவோம். பிப்ரவரி 20 காலை நான் முதலில் செய்தது, ஃபோனில் தானியங்கி நேரம் இயங்குகிறதா என்று பார்த்தது. பிறகு அந்த ஃபோனை டிவிஆர் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டு நேரமும் நொடியோடு ஒரே படத்தில் விழும்படி இன்னொரு ஃபோனால் படம் எடுத்தேன். ஃபோன் 11:09:00 காட்டியபோது டிவிஆர் 13:41:52 காட்டியது. வித்தியாசம் 2 மணி 32 நிமிடம் 52 நொடி. அமைப்புகளுக்குள் போனால் எதிர்பார்த்தபடி `GMT+08:00`. நேரச் சேவையகத்தைக் கேட்கும் `NTP` என்ற தேர்வும் இயக்கத்தில் இருந்தது. அந்தத் திரையையும் படம் எடுத்துக்கொண்டேன். எதையும் மாற்றவில்லை.

இந்த வித்தியாசத்தில் இரண்டரை மணி மண்டலத்தின் கணக்கு. மீதி 2 நிமிடம் 52 நொடி எங்கிருந்து வந்தது? இணையத்தோடு நேரம் ஒத்துப்போய்க்கொண்டே இருந்தால் இந்த மீதி இருக்கவே கூடாது. கேட்டதில் எடைமேடையில் வேலை பார்க்கும் பையன் சொன்னான்: "தீபாவளி முடிஞ்சு ஒரு வாரத்துல நெட்டை நிறுத்திட்டாங்கண்ணே. ரீசார்ஜ் பண்ணல."

அதற்குப் பிறகு டிவிஆர் தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடியிருக்கிறது. அந்தக் கடிகாரம் நொடிக்கு 32,768 முறை அதிரும் சிறிய படிகத்தை வைத்து ஓடுவது. சாதாரணப் படிகம் பத்து லட்சத்துக்கு இருபது பங்கு வரை பிசகலாம், அப்படிப் பிசகினால் ஒரு நாளைக்கு ஒன்றே முக்கால் நொடி அளவுக்கு முந்தும் அல்லது பிந்தும். ஒரு மாதத்தில் ஐம்பது நொடியைத் தாண்டிவிடும். இதற்கும் மண்டலப் பிழைக்கும் சம்பந்தமில்லை. மண்டலப் பிழை ஒரே தாவலாக வந்து அப்படியே நிற்கும், விலகல் நாளுக்கு நாள் வளரும். இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாக எழுதிவிட்டால், பத்து நாள் முன்னால் நடந்ததற்கு இன்றைய விலகலைக் கழிக்கும் தப்பு நேரும்.

விலகும் வேகத்தை ஒரே முறை பார்த்துச் சொல்ல முடியாது. பத்து நாள் கழித்து, மார்ச் 2 அன்று, மறுபடி போனேன். ஃபோன் 10:30:00, டிவிஆர் 13:03:08. வித்தியாசம் 2 மணி 33 நிமிடம் 8 நொடி. பத்து நாளில் 16 நொடி கூடியிருக்கிறது, நாளுக்கு 1.6 நொடி. பிப்ரவரி 20-ல் இருந்த 172 நொடி விலகல் சேர எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று வகுத்தால் 107 நாள் வருகிறது. அங்கிருந்து பின்னால் எண்ணினால் நவம்பர் 5. 2024-ல் தீபாவளி அக்டோபர் 31. பையன் சொன்ன "ஒரு வாரம்" கணக்கில் வந்து உட்கார்ந்தது. எனக்கு அந்த இடத்தில்தான் நம்பிக்கை வந்தது.

சம்பவம் நடந்தது நான் முதலில் போனதற்கு ஒன்பது நாள் முன்னால். ஒன்பது நாளைக்கு 14 நொடியைக் குறைத்தால், அன்றைய வித்தியாசம் 2 மணி 32 நிமிடம் 38 நொடி. லாரி மேடையில் ஏறும் நொடிக்கு இதைப் போட்டால்:

```
22:14:20 − 02:32:38 = 19:41:42
```

டிரைவர் சீட்டை வாங்கிக்கொண்டு திரும்பும் காட்சி டிவிஆரில் 22:16:50. திருத்தினால் 19:44:12. சீட்டில் அச்சான நேரம் 7.44. லாரி மேடையை விட்டு இறங்குவது 19:44:52, டோல்கேட்டில் 20:06. இடையில் இருபத்தொரு நிமிடம். சுமார் பதினேழு கிலோமீட்டரை லோடு வண்டி கடக்க அது சரியான நேரம்தான்.

இதோடு நிறுத்தியிருந்தால் மண்டிக்காரர் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார், ஒத்துக்கொள்ளவும் கூடாது. பிப்ரவரி 20-ல் இருந்து பின்னோக்கி நான் போட்டது கணக்குதான். இடையில் மின்சாரம் போய்க் கடிகாரம் பின்னுக்குப் போயிருக்கலாம், யாராவது கை வைத்திருக்கலாம். சம்பவ நாளிலேயே, அதே பதிவுக்குள்ளேயே, வெளி நேரம் தெரிந்த ஒரு நிகழ்வைப் பிடிக்க வேண்டும்.

எடைமேடையில் அதற்குப் பஞ்சமில்லை. எடைக்கூலியை எல்லோரும் யுபிஐ-யில்தான் கட்டுகிறார்கள். கட்டிவிட்டுப் பச்சை டிக் வந்த திரையை ஜன்னல் வழியாக உள்ளே காட்டுவார்கள், அது கேமராவில் தெரியும். பிப்ரவரி 11 மதியம் ஒருவர் அப்படி ஃபோனைத் தூக்கிக் காட்டுவது டிவிஆரில் 17:05:20. எடைமேடைக்காரரின் செயலியில் அந்தப் பணம் வந்த நேரம் பிற்பகல் 2.32. நொடி இல்லை. அதாவது 14:32:00-க்கும் 14:32:59-க்கும் இடையில் ஏதோ ஒரு நொடி. அப்படியானால் வித்தியாசம் 2:32:21-க்குக் குறையாது, 2:33:20-ஐத் தாண்டாது. ஒரு நிமிட அகலமுள்ள சந்து.

இன்னொரு வாடிக்கையாளர் காட்டுவது டிவிஆரில் 18:40:41, செயலியில் 4.08. இதிலிருந்து வரும் சந்து 2:31:42-இலிருந்து 2:32:41 வரை. உண்மையான வித்தியாசம் இரண்டு சந்துக்கும் பொதுவான இடத்தில் இருக்க வேண்டும். அது 2:32:21-க்கும் 2:32:41-க்கும் நடுவில் உள்ள இருபது நொடி. நிமிடம் மட்டுமே தெரிந்த இரண்டு பதிவுகளை வைத்து இருபது நொடிக்குள் வந்துவிட்டோம். கணக்கில் வந்த 2:32:38 அந்தச் சந்துக்குள் விழுகிறது. ஒரு எச்சரிக்கை: பணம் போன நொடிக்கும் ஃபோனைத் தூக்கிக் காட்டும் நொடிக்கும் சில நொடி இடைவெளி இருக்கும், சந்தின் ஓரங்களை அந்த அளவுக்குத் தளர்த்தித்தான் படிக்க வேண்டும். ஃபாஸ்டேக்குக்கும் இதே கவனம் வேண்டும். குறுஞ்செய்தி வந்து சேர்ந்த நேரத்தை எடுக்கக் கூடாது, அது எப்போது வேண்டுமானாலும் வரும். வண்டி கடந்த நேரம் என்று பதிவுக்குள் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும்.

யுபிஐ-யும் இல்லாத இடத்தில், ஒரு தோட்டத்துக் கேமரா என்று வைத்துக்கொள்வோம், நிழலைப் பார்க்கலாம். நம் பகுதி 77.7 பாகை வாக்கில் இருப்பதால் சூரியன் உச்சிக்கு வருவது இந்திய நேரத்துக்குச் சராசரியாக 19 நிமிடம் பிந்தித்தான். பூமி ஓடும் வேகம் சீராக இல்லாததாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் பிப்ரவரி நடுவில் இன்னும் 14 நிமிடம் சேர்ந்து, உச்சி 12.33 வாக்கில் விழும். அந்த நேரம் கம்பத்தின் நிழல் நேர் வடக்கே விழுந்து மிகக் குட்டையாக இருக்கும். களக்காட்டு டிவிஆரில் விளக்குக் கம்பத்தின் நிழல் குட்டையானது மூன்று மணியைத் தாண்டி. பத்து நிமிடம் முன்பின் இருக்கும், அதனால் சீட்டை மெய்ப்பிக்க இது உதவாது. ஆனால் பிழை இரண்டரை மணியா, ஐந்தரையா, பன்னிரண்டா என்று பிரித்துச் சொல்ல இதுவே போதும்.

நடுவில் இன்னொரு சாட்சியும் வந்தது. லாரியில் கிளீனராக இருந்தவர், எடை ஏறி இறங்குவதைச் சந்தேகப்பட்டுத் தன் ஃபோனில் இருபது நொடி வீடியோ எடுத்திருந்தார். மண்டிக்காரரின் மகன் அதைக் கணினியில் திறந்து பார்த்து, "இது மத்தியானம் 2.12-க்கு எடுத்த வீடியோ" என்று ஒரு புதுக் குழப்பத்தைக் கிளப்பினார். நான் கோப்பை வாட்ஸாப்பில் வீடியோவாக வாங்காமல், கேபிள் போட்டு நேரே எடுத்தேன். வீடியோவாக அனுப்பினால் வாட்ஸாப் அதை மறுபடி சுருக்கிவிடும், கோப்பின் பெயரும் உள்ளே உள்ள பழைய நேரமும் போய்விடும். பிறகு கோப்புக்குள் உள்ள நேரங்களை எல்லாம் எடுத்துக் காட்டும் இந்தக் கட்டளை:

```
exiftool -G1 -a -s -time:all VID_20250211_194145.mp4
```

வந்த வரிகளில் நமக்கு வேண்டியது இது:

```
[QuickTime]  CreateDate : 2025:02:11 14:12:05
```

எம்பி4 கோப்புக்குள் இந்த இடத்தில் கிரீன்விச் நேரத்தைத்தான் எழுத வேண்டும் என்பது விதி. ஐந்தரை கூட்டினால் 19:42:05. கோப்பின் பெயரிலோ 19:41:45. இருபது நொடி வித்தியாசம், வீடியோவின் நீளமும் இருபது நொடி. இந்த ஃபோன் பதிவு முடிந்த நொடியை உள்ளே எழுதுகிறது, தொடங்கிய நொடியைப் பெயரில் வைக்கிறது. பல ஆண்ட்ராய்டு ஃபோன்கள் இப்படித்தான். கிளீனர் ஃபோனைத் தூக்குவது டிவிஆர் பதிவிலும் தெரிகிறது: 22:14:22. திருத்தினால் 19:41:44. ஃபோனுக்கும் திருத்திய டிவிஆருக்கும் ஒரு நொடிதான் வித்தியாசம்.

ஆனால் இந்த விதியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. விலை மலிவான டேஷ்கேம்களும் சில கையடக்கக் கேமராக்களும் மண்டலம் என்ற ஒன்றே தெரியாதவை. கடிகாரத்தில் என்ன ஓடுகிறதோ அதையே கிரீன்விச் நேரம் மாதிரி எழுதிவிடும். அதில் போய் ஐந்தரை கூட்டினால் சரியாக இருந்ததை நாமே கெடுத்துவிடுவோம். படங்களில் இதைவிடக் குழப்பம். ஜேபெக் படத்துக்குள் இருக்கும் நேரம் கேமரா காட்டிய உள்ளூர் நேரம், எந்த ஊர் என்பது அதில் கிடையாது. மண்டலத்தை எழுத இடம் வந்ததே படத்துக்குள் விவரம் எழுதும் முறையான எக்ஸிஃப்பின், 2016-ல் வெளியான 2.31 பதிப்பில்தான். பழைய கேமராக்களில் அந்த இடம் இருக்காது. ஜிபிஎஸ் உள்ள கருவி என்றால் ஜிபிஎஸ் நேரம் தனியாக இருக்கும், அது எப்போதும் கிரீன்விச் கணக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேமரா எந்த மண்டலத்தில் இருந்தது என்று தெரிந்துவிடும்.

எடுத்த பதிவைக் கணினியில் ஓட்டும்போதும் ஒரு பள்ளம் இருக்கிறது. சில பிளேயர்கள் கோப்புக்குள் உள்ள நேரத்தை உங்கள் கணினியின் மண்டலத்துக்கு மாற்றிக் காட்டும், சில காட்டாது. படத்தின் மேலேயே பதிந்துபோன எண்களை எதனாலும் மாற்ற முடியாது. அதனால் படத்தின் மூலையில் ஒரு நேரமும் கீழே ஓடும் பட்டையில் இன்னொரு நேரமும் தெரிந்தால் திகைக்க வேண்டாம். ஐபி கேமராக்களில் இது டிவிஆருக்குள்ளேயே நடக்கும்: மூலையில் உள்ளதை எழுதுவது கேமரா, பட்டையில் உள்ளதை எழுதுவது பதிவுப் பெட்டி, இரண்டுக்கும் தனித்தனிக் கடிகாரம், தனித்தனி மண்டலம். திருத்தக் குறிப்பில் "கேமரா நேரம்" என்று பொதுவாக எழுதாமல் எந்தக் கடிகாரம் என்று சொல்லியாக வேண்டும்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்கிறேன். அம்பாசமுத்திரத்தில் ஒரு கடை, இதே மாதிரி இரண்டரை மணி முந்திய டிவிஆர். பதிவை எடுக்கும் முன்னால் "இதை முதல்ல சரி பண்ணிடுவோம்" என்று மண்டலத்தை மாற்றிவிட்டேன். கடிகாரம் இரண்டரை மணி பின்னால் போனது. ஏற்கெனவே பதிவான மதிய நேரத்தின் மேல் புது மதியம் ஓடத் தொடங்கியது. ஒரே தேதியில் ஒரே மணிக்கு இரண்டு பதிவுகள், தேடினால் ஒன்றுதான் வருகிறது. அன்று காலையில் நடந்த திருட்டைத்தான் அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் முழுக்க வட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பழைய பதிவுகளின் நேரமும் மாறவில்லை. கடிகாரத்தைத் திருத்துவது இனி வரும் பதிவுகளுக்குத்தான்.

தேடும்போது தேதியும் ஏமாற்றும். இரண்டரை மணி முந்தும் டிவிஆரில் இரவு ஒன்பதரைக்குப் பிறகு நடந்ததெல்லாம் மறுநாள் தேதியில் கிடக்கும். பத்தரை மணி சம்பவத்தை அதே தேதியில் தேடி, "பதிவு இல்லை, அழித்துவிட்டார்கள்" என்று முடிவு கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். களக்காட்டில் லாரி இரண்டு மணி நேரம் பிந்தி வந்திருந்தால் மண்டிக்காரருக்கு 11-ஆம் தேதியில் லாரியே கிடைத்திருக்காது. அதுவும் வட்டில் இருபத்தைந்து நாள் பதிவுதான் நிற்கும், பிறகு மேலெழுதிவிடும். தேதியைத் தப்பாகத் தேடி இழுத்தடித்தால் உண்மையிலேயே அழிந்துபோகும்.

அதனால் பிப்ரவரி 20 அன்றே பதிவைப் பிரதி எடுத்தேன். டிவிஆரின் சொந்த வடிவத்தில் ஒன்று, எம்பி4-ஆக ஒன்று, இரண்டுக்கும், கோப்பில் யாரும் கை வைக்கவில்லை என்று பின்னால் காட்ட உதவும் எஸ்எச்ஏ-256 ஹாஷ். விவகாரம் நீதிமன்றம் போனால் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் ஹாஷ் மதிப்பை எழுத வேண்டும். திருத்திய நேரத்தை வீடியோவின் மேல் எழுதி ஒட்டுவதை நான் செய்வதில்லை. பதிவு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். திருத்தம் தனித் தாளில் போகும்: திரையில் கண்ட நேரம், மண்டலத்துக்குக் கழித்தது, விலகலுக்குக் கழித்தது, வந்த இந்திய நேரம், எத்தனை நொடி முன்பின் இருக்கலாம் என்பது, எந்த நிகழ்வை வைத்துச் சரிபார்த்தது. களக்காட்டுத் தாளில் முன்பின் இருபது நொடி என்று எழுதினேன். கிளீனரின் வீடியோவை வைத்து ஒரு நொடி என்று எழுதியிருக்கலாம், ஆனால் அந்த ஃபோனின் கடிகாரத்தை நான் அன்று சோதிக்கவில்லை.

இதில் என்னால் காட்ட முடியாமல் போனது ஒன்று உண்டு. கடிகாரம் இரண்டரை மணி தாவிய அந்த நொடியின் பதிவு கிடைக்கவில்லை, அது நவம்பருக்கு முந்தியது, எப்போதோ மேலெழுதப்பட்டுவிட்டது. தாளில் அதையும் எழுதினேன். மண்டிக்காரர் தாளை இரண்டு முறை படித்தார். யுபிஐ வரிகளைத் தன் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தார். "நேரம் சரிதான் வே, எடையைப் பேசுவோம்" என்று எடைமேடைக்காரர் பக்கம் திரும்பினார். அது என் விவகாரம் இல்லை.

மார்ச் 2 அன்று இரண்டாவது அளவை எடுத்து முடித்த பிறகுதான் கடிகாரத்தில் கை வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை, மேடைக்கு வண்டி வராத நேரம். மண்டலம் `GMT+05:30`, கோடைக்கால நேரம் நிறுத்தம், நேரச் சேவையகம் `time.nplindia.org`. புது ரீசார்ஜ் போட்ட ரவுட்டரையும் செருகியாயிற்று. டிவிஆர் பழையபடி காலை பதினொன்றிலிருந்து ஓடத் தொடங்கியது. அன்றைக்கு 11-இலிருந்து ஒன்றரை வரை இரண்டு பதிவுகள் இருக்கும், முதலாவது பழைய நேரம் என்று ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டிவிட்டு வந்தேன்.